மீட்டரின் படம் மட்டும் வந்தால்: பிரஷர், சுகர் எண்களைப் படிப்பது எப்படி?

ஊரில் இருக்கும் உம்மாவோ வாப்பாவோ பிரஷர் பார்க்கும் கருவியின் திரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவார்கள். கூடவே ஒரு வார்த்தையும் இருக்காது. துபையில் இருக்கும் மகன் அதைப் பார்த்துப் பதறுவார். மருமகள், "நேற்றுப் போட்ட மாத்திரையில் இன்னொன்று போடச் சொல்லுங்கள்" என்பார். எல்லோருமே ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆபத்து இங்குதான் தொடங்குகிறது.

பிரஷர் படம்

திரையில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும். மேலே SYS என்பது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். நடுவில் DIA என்பது இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ளது நாடித்துடிப்பு. அதைப் பிரஷர் என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. வீட்டில் சரியான முறையில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரவு 9.40-க்கு உம்மாவிடமிருந்து 172/98, நாடி 94 என்று ஒரு படம் வருகிறது. மகன் மாத்திரையைப் பற்றிப் பேசாமல், முதலில் போன் செய்து "உம்மா, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏதும் இருக்கா? பேச்சு குளறுதா? ஒரு பக்கம் கை கால் மரத்துப் போச்சா?" என்று கேட்கிறார். எதுவும் இல்லை. அடுத்து, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். மாடிப்படி ஏறி வந்தவுடனே, கட்டிலில் சாய்ந்தபடி, கையை மடியில் வைத்து, ரவிக்கையின் கை மேலேயே பட்டையைச் சுற்றி, பேத்தியோடு பேசிக்கொண்டே பார்த்திருக்கிறார்.

இவை ஒவ்வொன்றும் அளவைத் தவறாகக் காட்டக்கூடியவை. கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் எண் கூடும். பேசினாலும் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தாலும் கூடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், உண்மையில் இருப்பதைவிட நன்றாகவே கூட்டிக் காட்டும்.

எனவே முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில், பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்கிறார். பிறகு கையை மேசை மீது வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்கிறார்கள். 148/86, 146/84 என்று வருகிறது. இரண்டின் சராசரி 147/85. இது அந்த இரவே ஓட வேண்டிய அளவு அல்ல. ஆனாலும் சரியான அளவும் அல்ல. ஒரு வாரம் காலையும் மாலையும் இதேபோல் இரண்டிரண்டு முறை பார்த்து எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் படத்தை நம்பிக் கூடுதல் மாத்திரை போட்டிருந்தால், பிரஷர் சட்டென்று இறங்கி, இரவில் எழும்போது உம்மா மயங்கி விழுந்திருக்கக்கூடும்.

180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால் சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பார்க்க வேண்டும். மீண்டும் அதே அளவு வந்து, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது திரையில் எண் நன்றாக இருந்தாலும் செய்ய வேண்டியது இதுவே.

சுகர் படம்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அதன் அருகே உள்ள சிறு எழுத்தை. இந்தியாவில் mg/dL என்ற அலகு வழக்கம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற நாடுகளில் mmol/L. அங்கிருந்து வாங்கி அனுப்பிய மீட்டரில் 11.2 என்று வந்தால், படத்தில் புள்ளி மங்கி 112 போலத் தெரியலாம். 112 கவலைப்பட வேண்டிய அளவு அல்ல. ஆனால் 11.2-ஐ 18-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 202 ஆகிறது. படம் தலைகீழாக இருந்தாலும் ஏமாற்றும். இந்த மீட்டர்களின் எழுத்தமைப்பில் 95-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 56 என்று தெரியும். அலகின் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது. 170 என்பது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாக ஏற்கத்தக்க அளவு. அதே 170 காலையில் வெறும் வயிற்றில் வந்தால் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டபின் 180-க்குக் கீழே என்பது இலக்கு. பேரீச்சம்பழமோ மாம்பழமோ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து எண் எகிறும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நல்ல மீட்டரிலும் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். ஆகவே நேற்று 140, இன்று 150 என்பதைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

70-க்குக் கீழே வந்தால் காத்திருக்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதேபோல் குடிக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் இருந்து, மீட்டர் கைவசம் இல்லாவிட்டாலும் சர்க்கரை கொடுத்துவிடலாம். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எண்ணுக்குப் பதிலாக Lo என்று வந்தால் மிகக் குறைவு, HI என்று வந்தால் மீட்டரால் அளக்க முடியாத அளவுக்கு அதிகம். HI வந்தால் கையைக் கழுவி ஒரு முறை மட்டும் மறுபடி பார்த்து, அதே வந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோன்பு நேரத்தில் இந்த எண்களுக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே இருக்கிறது என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. சோதனைக்காக விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. எனவே சந்தேகம் வந்தால் தயங்காமல் பார்க்கலாம்.

படத்தோடு ஒரு வரியும் சேர்த்து அனுப்ப வீட்டுப் பெரியவர்களைப் பழக்கலாம். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவாகவே சொல்லலாம்: "இரவு 9.40. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. மாத்திரை போட்டாச்சு. உடம்புக்கு ஒன்றும் இல்லை." சில மீட்டர்களில் நேரம் சரியாக அமைக்கப்பட்டிருக்காது. பழைய பதிவைத் திரையில் வரவழைத்து அனுப்புவதும் நடக்கிறது. ஆகவே திரையில் உள்ள நேரத்தை நம்பாமல், பார்த்த நேரத்தை வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் படம் மட்டும் வந்தால், பதில் எழுதுவதற்கு முன் போன் செய்து கேட்டுவிட வேண்டும்.