ஏடு எப்போது குருவாகிறது?

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த காலந்தொட்டு, அந்த வட்டாரத்துக்கு வடபுலத்து மனிதர்கள் புதியவர்கள் அல்லர். படைப்பிரிவுகளிலும் தொழிற்கூடங்களிலும் பணியாற்ற வந்த சீக்கியர்களை அம்பத்தூர்க் கடைவீதியிலும் பூந்தமல்லிப் பேருந்து நிறுத்தத்திலும் நாம் கண்டிருக்கிறோம். தலைப்பாகையைக் கொண்டு அவர்களை அடையாளம் காணும் நாம், அவர்கள் எதன்முன் தலைவணங்குகிறார்கள் என்பதை அவ்வளவாகக் கேட்டறிந்ததில்லை.

ஆவடிக் குடியிருப்பில் வாழ்ந்த சீக்கிய நண்பர் ஒருவரிடம் ஒருமுறை நாம் அதைக் கேட்டோம். "உங்கள் வீட்டில் கிரந்த சாகிப் இருக்கிறதா, சர்தார்ஜி?" என்றதற்கு அவர் தந்த விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. "இல்லை, பாய் சாகிப். எங்களுக்கு இருப்பது இரண்டு அறைகள். குருவை எங்கே அமர்த்துவது?" என்றார் அவர். அவருடைய அலமாரியில் அன்றாடத் தொழுகைப் பாடல்கள் அடங்கிய சிறு நூல் ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. குட்கா என்பது அதன் பெயர். அதிலுள்ள பாடல்கள் பெரும்பாலும் கிரந்தத்திலிருந்து எடுக்கப்பட்டவைதாம். ஆயினும் அதை அவர் நூல் என்றார். கிரந்தத்தைக் குரு என்றார். நூலை வைத்துக்கொள்ள அலமாரி போதும். குருவை வரவேற்பதற்கோ தனியறை வேண்டும், ஆசனம் வேண்டும், காலையும் மாலையும் பணிவிடை செய்ய ஆள் வேண்டும்.

அந்த வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்பி, ஒரு ஞாயிறன்று அவருடன் ஆவடியில் இரயிலேறினோம். சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, மாம்பலம் வழியாகத் தியாகராய நகர் கோபதி நாராயணசாமிச் செட்டி சாலையிலுள்ள குருத்வாராவை அடைந்தோம். வாயிலில் காலணியைக் கழற்றிக் கைகால் கழுவினோம். தலை மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் தொப்பியே அதற்குப் போதுமானதாயிற்று.

மண்டபத்தின் தலைப்பக்கத்தில் விதானத்தின் கீழ் ஒரு சிறு கட்டில். அதன்மேல் மெத்தையும் திண்டுகளும். அவற்றின்மேல் விரித்த நிலையில் கிரந்தம். வாசிக்காத வேளையில் ரூமாலா என்னும் பட்டுத்துணி அதை மூடியிருக்கும். பின்னே அமர்ந்தவர் இடையிடையே சாமரம் வீசுகிறார். விதானமும் சாமரமும் தமிழ் மக்களுக்கு அரசனையும் திருவுலாவையும் நினைவூட்டும் பொருள்கள். வருவோர் எல்லாரும் நெற்றி தரையில் படப் பணிந்து, பின் தரையில் அமர்கின்றனர். கிரந்தத்தைவிட உயர்ந்த இருக்கை அங்கே யாருக்கும் கிடையாது. நாம் நெற்றியைத் தரையில் வைக்கவில்லை. மரியாதையுடன் நின்று, பிறகு ஓரமாக அமர்ந்தோம். அதைக் குறையாக எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நம்மவர்க்கு இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாமும் திருமறையை ரிஹாலில் வைத்து, ஒளூவுடன் தொட்டு ஓதுகிறோம். ஆனால் அதற்குச் சாமரம் வீசுவதில்லை. அதன்முன் சஜ்தா செய்வதில்லை. உருவ வழிபாட்டை மறுத்த குரு நானக்கின் வழியில் வந்தவர்கள் ஏட்டையே உருவமாக்கிவிட்டார்களா? இந்தக் கேள்வியைச் சீக்கியர்கள் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1945-இல் ஏற்கப்பட்ட அவர்களுடைய ஒழுக்க நெறிநூலான ரஹித் மரியாதா, கிரந்தத்தின்முன் மணியடித்து ஆரத்தி எடுப்பதையும், அருகே குடமும் தேங்காயும் வைப்பதையும் தங்கள் நெறிக்கு மாறானவை என விலக்குகிறது. தாளையும் மையையும் வணங்கவில்லை, அதிலிருந்து ஒலிக்கும் சொல்லை வணங்குகிறோம் என்பது அவர்கள் நிலை. சப்தம் என்னும் வடசொல்லே பஞ்சாபியில் சபத் ஆயிற்று. அந்தச் சபத்தே குரு என்னும் கருத்து நானக்கின் பாடல்களிலேயே இருக்கிறது.

இதன் வரலாற்றைச் சற்றே விளக்க வேண்டும். ஐந்தாம் குருவான அர்ஜன், முன்னோர் பாடல்களையும் தம் பாடல்களையும் திரட்டி, பாயி குர்தாஸ் என்பாரைக்கொண்டு எழுதுவித்து, 1604-இல் அமிர்தசரஸ் ஹர்மந்திரில் நிறுவினார். பாபா புட்டா முதல் கிரந்தி ஆனார். தொகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. பாடிய குருமார் எவராயினும் முத்திரையடியில் நானக் என்றே தம் பெயரைச் சொல்வர். எந்த நானக் என்பதை ஒன்றாம் மஹலா, மூன்றாம் மஹலா என்று தலைப்பிலுள்ள எண்தான் காட்டும். ஒரே ஒளி உடல் மாறி வருகிறது என்னும் நம்பிக்கை இப்படிப் பக்கந்தோறும் பதிந்துவிட்டது. ஆட்கள் மாறினும் குரு ஒருவரே என்றால், ஆள் இல்லாமற் போகும் நாளிலும் அந்தக் குரு இருக்க இயலும் அல்லவா?

அந்த நாள் 1708-இல் வந்தது. பத்தாம் குருவான கோவிந்த் சிங், தம் தந்தை தேக் பகதூரின் பாடல்களையும் சேர்த்துக் கிரந்தத்தை நிறைவாக்கியிருந்தார். முதலில் தொகுத்த அர்ஜன் 1606-இல் ஜஹாங்கீர் ஆட்சியிலும், தேக் பகதூர் 1675-இல் ஔரங்கசீப் ஆட்சியிலும் உயிரிழந்தவர்கள் என்பதை நாம் மறைத்துப் பேசுவதற்கில்லை. கோவிந்த் சிங்கின் புதல்வர் நால்வரும் அவருக்கு முன்பே மாண்டுவிட்டனர். நாந்தேடில் கத்திக்குத்துக் காயத்தால் அவர் மறைவதற்குமுன், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என அறிவித்தார் என்பது சீக்கியர் மரபு. அந்தக் கோட்பாடு பதினெட்டாம் நூற்றாண்டின் போராட்டங்களினூடேதான் முழு உறுதி பெற்றது எனக் கருதும் ஆய்வாளரும் உளர். நாம்தாரிகள் என்போர் இன்றளவும் மனித குருவின் வரிசை தொடர்வதாகவே நம்புகின்றனர். ஆகவே கிரந்தம் குருவானது எல்லாரும் ஒருமிக்க ஏற்ற செய்தியன்று. பெரும்பான்மையோர் உறுதியாகப் பற்றிக்கொண்ட செய்தி.

அந்த 1430 பக்கங்களுக்குள் நமக்கும் பழக்கமான ஒரு குரல் இருக்கிறது. பாக்பட்டனில் அடங்கியுள்ள பாபா ஃபரீதுத்தீன் கஞ்சஷகர் பெயரில் 4 பாடல்களும் 112 சலோகங்களும் அதில் உள்ளன. அமிர்தசரஸில் அவற்றைப் பாடியவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். நானக்குடன் நடந்த மர்தானாவின் வழிவந்தோர் எனக் கூறிக்கொண்ட ரபாபிகள், 1947-இல் பிரிவினை அவர்களைப் பெயர்த்தெறியும்வரை ஹர்மந்திரில் கீர்த்தனம் இசைத்தார்கள்.

மண்டபத்துக்கே திரும்புவோம். கீர்த்தனம் முடிந்தபின் எல்லாரும் எழுந்து கைகூப்பி நிற்க, அர்தாஸ் என்னும் வேண்டுதல் நடைபெற்றது. பின் அனைவரும் அமர, கிரந்தி ஏட்டை ஓரிடத்தில் பிரித்தார். முன்கூட்டித் தேர்ந்த பக்கமன்று. கை சென்ற இடம். இடப்பக்கத்தின் தலைப்பிலுள்ள பாடலை வாசிக்க வேண்டும். அப்பாடல் முந்தைய பக்கத்திலேயே தொடங்கியிருந்தால், ஏட்டைப் புரட்டி அதன் முதலடியிலிருந்து தொடங்கி, நானக் பெயர் வரும் இறுதிவரை வாசிக்க வேண்டும். நடுவில் நுழைந்து நடுவில் முடிக்கலாகாது. இதற்கு ஹுக்கம்நாமா என்று பெயர். ஹுக்கும் என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உயிருள்ள குரு என்பதன் பொருள் இந்தச் சில நிமிடங்களில்தான் நமக்குப் புலனாயிற்று. சீடன் கேட்க விரும்புவதைச் சீடனே தேர்ந்துகொண்டால் அது படிப்பு. குரு தாமே பேச, சீடன் கேட்பது உபதேசம். பக்கத்தைத் தேரும் உரிமையை விட்டுவிடுவதனால் சபையோர் ஏட்டைப் பேசவிடுகின்றனர். இதைக் குறிகேட்பதாகவும் ஃபால் கிதாபு பார்ப்பதாகவும் கொள்வோர் அவர்களிலும் இருக்கக்கூடும். ஆனால் நண்பர் சொன்னார்: "வேலை கிடைக்குமா என்று கேட்டால், ஆணவத்தை விடு என்று விடை வரும். எதற்குக் கேட்டாலும் அதுதான் வரும்." சொல்லிச் சிரித்தார். வாசிப்பவர் புரோகித குலத்தவராக இருக்க வேண்டியதில்லை. எழுத்தறிந்த சீக்கியர், ஆணோ பெண்ணோ, யாரும் வாசிக்கலாம். இரவில் ஏட்டை மூடித் துணிகளில் பொதிந்து, தலைமேல் ஏந்திச் சென்று தனியறையில் துயில வைக்கின்றனர். விடியுமுன் மீண்டும் அழைத்து வருகின்றனர்.

அப்படியானால் அச்சாகும் ஒவ்வொரு பிரதியும் குருவா? இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. பட்டியாலா மாவட்டத்தின் பிலாஸ்பூர் ஊரில் ஒரு தர்மசாலையின் நிலம், 1928-இல் அங்கே எழுந்தருளிய குரு கிரந்த சாகிப் பெயருக்கே வருவாய்ப் பதிவேட்டில் மாற்றப்பட்டிருந்தது. அந்த இடம் சீக்கிய குருத்வாரா அன்று, உதாசிகளின் மடம் என எதிர்த்தரப்பார் வழக்காடினர். ஓர் ஏட்டின் பெயரில் சொத்து இருக்க முடியுமா என்பது மையக் கேள்வி ஆயிற்று. முடியாது என்றது உயர்நீதிமன்றம். உச்சநீதிமன்றம் 2000 மார்ச் 29 அன்று அதை மாற்றி, குரு கிரந்த சாகிப் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று தீர்த்தது.

கோயில் மூர்த்தியைச் சட்டம் ஆளாக ஏற்பது தமிழகத்தார் அறிந்ததே. ஆனால் நீதிபதிகள் கிரந்தத்தை மூர்த்தியோடு சேர்க்கவில்லை. சீக்கியர் உருவ வழிபாட்டை மறுப்பவர்கள் என்பதைக் குறிப்பிட்டு, குரு என்னும் தகுதியாலேயே அதற்கு ஆள்தன்மை உண்டு என்றனர். கூடவே ஒரு வரம்பும் விதித்தனர். எங்கோ கிடக்கும் எல்லாப் பிரதிகளுக்கும் அது பொருந்தாது. குருத்வாராவிலோ அதுபோன்ற பொதுவிடத்திலோ எழுந்தருளச் செய்யப்பட்ட பிறகே அது ஆளாகிறது. அத்தீர்ப்பில் லாகூர் ஷஹீத் கஞ்ச் பள்ளிவாசல் வழக்கும் பேசப்பட்டது. சீக்கியர் வசமிருந்த அந்த இடத்தை முஸ்லிம்கள் கோரிய அவ்வழக்கில், பள்ளிவாசல் தானே வழக்காடும் ஆள் அன்று என 1940-இல் பிரிவி கவுன்சில் கூறியிருந்தது. பள்ளிவாசல் தொழுவதற்குரிய இடம். கிரந்தமோ அவர்களுக்கு முன்னின்று பேசும் குரு. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாமும் ஒப்புவோம்.

நீதிமன்றம் சட்டமொழியில் சொன்னதைத்தான் ஆவடி நண்பர் தம் இரண்டறை வீட்டில் சொன்னார். எழுத்து எங்கும் இருக்கலாம். சபையின் நடுவே ஆசனமிட்டு அமர்த்தப்படும்போது அது குருவாகிறது. ஆனால் அமர்த்திய பின் அதன் நிலை மாறிவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது. 2015-இல் பர்காரி என்னும் ஊரில் கிரந்தத்தின் பக்கங்கள் கிழித்தெறியப்பட்டபோது, நூலொன்று சேதமானதாக மக்கள் எண்ணவில்லை. குருவின் மேனியில் விழுந்த காயமாகவே கொண்டு தெருவில் இறங்கினர். போலீசாரின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். அந்த ஊர் இருப்பது ஃபரீதுகோட் மாவட்டத்தில். பாபா ஃபரீதின் பெயரைத் தாங்கிய மாவட்டம் அது.

முதுமையால் நைந்த பிரதிகளைக் கடையில் எடைக்குப் போடுவதில்லை. பஞ்சாபின் கோயிந்த்வாலுக்குக் கொண்டு சென்று, மனிதர்க்குச் செய்வதுபோலவே எரியூட்டுகிறார்கள். நாம் லங்கரில் பருப்பும் ரொட்டியும் உண்டு எழுந்தபோது, இதைத்தான் நண்பர் கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாம்பலத்தில் வண்டி வந்துவிட்டது.