65-லிருந்து 50-க்கு: செயற்கை இதய வால்வுத் தேர்வில் வயது எல்லை நகர்ந்த வரலாறு

செயற்கை இதய வால்வுகள் இரண்டு வகை. உலோகமும் கார்பனும் கொண்டு செய்யப்படும் இயந்திர வால்வு பெரும்பாலும் ஆயுள் முழுதும் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறையும் என்பதால் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற மருந்து வேண்டும். பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படும் திசு வால்வுக்கு நீண்ட காலம் அந்த மருந்து பொதுவாகத் தேவையில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் சுண்ணாம்பு படிந்து, இதழ்கள் விறைத்தோ கிழிந்தோ போகும். எந்த வயதினருக்கு எது என்பதை முடிவு செய்யும் எல்லைக்கோடு 40 ஆண்டுகளில் எப்படி இடம் மாறியது, ஏன் மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆல்பர்ட் ஸ்டாரும் லோவெல் எட்வர்ட்ஸும் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து அசையும் வால்வு 1960-இல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. விலங்குத் திசுவை குளுடரால்டிஹைடில் பதப்படுத்தினால் உடல் அதை எளிதில் எதிர்க்காது என்று பிரான்சில் அலைன் கார்ப்பாந்தியே காட்டியது அதே பத்தாண்டின் இறுதியில். திசு வால்வைப் பயன்படுத்தத்தக்கதாக்கிய அந்தப் பதப்படுத்தலே சுண்ணாம்பு படிவதற்கும் ஒரு காரணம். இளவயதில் இந்தப் படிவு வேகமாக நடக்கும்.

எவ்வளவு வேகம் என்பதை அளந்தது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு. 1977 முதல் 1982 வரை 575 ஆண்களுக்குக் குலுக்கல் முறையில் இரண்டில் ஒரு வால்வைப் பொருத்தி, 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெருந்தமனி வால்வு மாற்றப்பட்ட 65 வயதுக்குக் குறைந்தவர்களில், திசு வால்வு பழுதானது 26 விழுக்காடு. இயந்திர வால்வு ஒன்றுகூடப் பழுதாகவில்லை. மிட்ரல் வால்வில் திசுவின் பழுது 44 விழுக்காடு. 65-ஐக் கடந்தவர்களின் பெருந்தமனி வால்வில் அது 9 விழுக்காடுதான். 65 என்ற கோடு இந்த வேறுபாட்டால் வலுப்பெற்றது.

பின்னர் அந்தக் கோடு கீழிறங்கியது. அமெரிக்க வழிகாட்டி நெறிகள் பெருந்தமனி வால்வுக்கு இயந்திர வகையைப் பரிந்துரைக்கும் வயது 2014-இல் 60-க்குக் கீழ் என்றும், 2017-இல் 50-க்குக் கீழ் என்றும் ஆனது. 2020-இன் நெறிப்படி 50 முதல் 65 வரை நோயாளியும் மருத்துவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும். திசு வால்வு இளையோருக்கும் நீடித்து உழைக்கத் தொடங்கிவிட்டது என்று இதை வாசிப்பது தவறு. உண்மையில் மாறியது மறு அறுவையைப் பற்றிய கணக்கு.

55 வயதில் பெருந்தமனி வால்வு சுருங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தில் 50 முதல் 69 வயது வரையுள்ளோரை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், 15 ஆண்டுகளில் உயிர்வாழ்வில் இரு வகைக்கும் வேறுபாடு தெரியவில்லை. மறு அறுவை திசுவில் 12.1 விழுக்காடு, இயந்திரத்தில் 6.9. பெரும் ரத்தக்கசிவோ திசுவில் 6.6, இயந்திரத்தில் 13. மறு அறுவைக்குப் பின் 30 நாளில் இறந்தவர்கள் 9 விழுக்காடு. பெரும் ரத்தக்கசிவுக்குப் பின் 13.2 விழுக்காடு. எல்லோரும் அஞ்சிய இரண்டாம் அறுவையைவிட, அன்றாடம் விழுங்கும் மாத்திரையின் பக்கவிளைவு கொடியதாக இருந்தது. இதனுடன், 2002-இல் அலைன் கிரிபியே தொடங்கிவைத்த, ரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் முறையும் சேர்ந்தது. பழுதான திசு வால்வுக்குள்ளேயே புதியதை வைக்கலாம் என்றானது.

ஆனால் இந்த 55 வயதுக்காரருக்கு அந்த வழி திறந்திருக்குமா என்பது முதல் அறுவையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 19 அல்லது 21 மில்லிமீட்டர் வால்வு வைக்கப்பட்டிருந்தால், அதற்குள் நுழையும் இரண்டாவது வால்வு மேலும் குறுகி, ரத்தம் அழுத்தத்தோடுதான் வெளியேறும். தேவையானால் முதல் அறுவையிலேயே வால்வின் அடிவளையத்தை விரித்துப் பெரிய வால்வு பொருத்த வேண்டும். மேலும் 15 ஆண்டுத் தரவு அவருடைய 70 வயது வரைதான் பேசுகிறது. பழுது அதற்குப் பிறகும் அதிகரிக்கும்.

இந்தக் கோட்டை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருவதில்தான் பெரிய சிக்கல். இங்கே ருமாட்டிக் காய்ச்சலால் பழுதாவது பெரும்பாலும் மிட்ரல் வால்வு. நோயாளிகள் பலர் இருபது, முப்பது வயதினர். கலிஃபோர்னியத் தரவுகளை ஆராய்ந்த 2017 ஆய்வில், பெருந்தமனி வால்வில் இயந்திர வகையின் உயிர்வாழ்வு நன்மை 55 வயது வரைதான் தெரிந்தது. மிட்ரலில் அது 70 வரை நீண்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இயந்திர வகைதான்.

இயந்திர வால்வு காக்கப்படுவது, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையால். மிட்ரலில் அது 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மாத்திரை விட்டுப்போனால் வால்வில் ரத்தக்கட்டி சேரும். நோயாளி வழக்கமாகக் கேட்கும் ‘டிக்’ ஒலி மங்கி, மூச்சுத் திணறும். அது உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறி. புதிய உறைவெதிர்ப்பு மாத்திரைகள் இதற்கு ஈடாகவில்லை: டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது, அதன் முடிவு 2013-இல் வெளியானது. கருவுற விரும்பும் பெண்ணுக்கு வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. அவர் மறு அறுவை உறுதி என்று அறிந்தே திசு வால்வைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு.

ஆகவே 50 என்ற எண் பெருந்தமனி வால்வுக்கும், மறு அறுவை எளிதில் கிடைக்கும் ஊர்களுக்கும் உரியது. இளவயது மிட்ரல் நோயாளிக்கு அதைப் பொருத்தக் கூடாது. அவர் வீட்டுக்கு அருகே ஐஎன்ஆர் பார்க்கும் இடம் உண்டா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.