சுத்தியல் யாருடையது?

அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் செல்போனில் முப்பது மீம் காத்திருக்கும். போன வாரம் வந்த ஒன்றில் நம்ம நேசமணி. மூலையில் ஒரு பக்கத்தின் முத்திரை. அடியில் ஓரம் ஒட்ட வெட்டியிருந்தார்கள். "திருட்டு மீம்ப்பா" என்றான் மகன். எப்படிடா தெரியும் என்றேன்.

அவன் காட்டியது சுவாரஸ்யம். மீம் ஒவ்வொரு கை மாறும்போதும் படம் கொஞ்சம் மங்கும். சினிமா காட்சி முதலிலேயே மங்கலாக இருக்கலாம், அதை நம்பக்கூடாது. ஆனால் வசனம் மீம் போட்டவர் புதிதாக அடித்தது. வசனம் மங்கி, முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தால், முத்திரை பிறகு வந்தது என்று அர்த்தம்.

சரி, திருடப்பட்டது எது? 2019 மே மாதம் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம்மாள் ஒருவர், இதனால்தான் பெயின்டர் நேசமணி தலை உடைந்தது என்று பதில் போட, உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தித்தது :) காட்சி 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்தது. எங்கள் பக்கத்து வீட்டு மலையாளி சேட்டன் விடவில்லை. "அது எங்க லாசர்" என்றார். உண்மைதான். சித்திக் 1999-ல் மலையாளத்தில் எடுத்து, பிறகு அவரே தமிழில் எடுத்த படம். அங்கே சுத்தியல் ஜெகதி ஸ்ரீகுமார் தலையில் விழுந்தது.

ஆக, படம் எந்த மீம் பக்கத்துக்கும் சொந்தமில்லை. சட்டப்படி சினிமாவுக்கு உரிமை தயாரிப்பாளருடையது. மீம் போட்டவரின் சொத்து, இந்தக் காட்சியை அந்தச் செய்தியோடு பொருத்திய மூளையும் அந்த ஒரு வரியும்தான். முத்திரை அதைக்கூடச் சொல்வதில்லை. யார் வழியாக வந்தது என்று மட்டும் சொல்கிறது.

எங்கள் பாங்க் பாஷையில் செக்கின் முதுகில் போடும் கையெழுத்து மாதிரி. அடுத்தவர் தன் கையெழுத்தைக் கீழே சேர்ப்பது வழக்கம்தான். முந்தைய கையெழுத்தைச் சுரண்டினால்தான் தகராறு. நம் காப்புரிமைச் சட்டத்திலும் 2012-ல் 65பி பிரிவு வந்தது. படைப்பாளி பெயர் முதலான விவரத்தை அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் வடிவேலு படத்தை அனுமதி கேட்காமல் எடுத்தவர் எந்தத் துணிச்சலில் வழக்குப் போடுவார்? அதனால்தான் 'திருட்டு' என்று கூச்சல் மட்டும்.

கூச்சலுக்கும் காரணம் உண்டு. பெயர் போனால் லைக் போகிறது, பின்தொடர்பவர்கள் போகிறார்கள், விளம்பரக் காசும் அவர்கள் பின்னாலேயே போகிறது. நியூயார்க்கின் ஜெர்ரி மீடியா அடுத்தவர் நகைச்சுவையை அள்ளிப் போட்டே பெரிய விளம்பர வியாபாரம் நடத்தியது. 2019 பிப்ரவரியில் நகைச்சுவைக் கலைஞர்கள் திரண்டு ஆட்களை விலகச் செய்தபோதுதான், இனி முன் அனுமதி வாங்கியே போடுவோம் என்று அதன் நிறுவனர் இறங்கி வந்தார்.

சேட்டன் நேற்று லாசர் மீம் ஒன்று அனுப்பினார். வசனம் மங்கல், முத்திரை பளிச்!