இரண்டாவது கோடு ஏன் வரவில்லை? மலேரியா விரைவுப் பரிசோதனையின் கதை

ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கு. கொவிட் காலத்துக்குப் பிறகு இந்தக் கணக்குத் தெரியாத ஆட்கள் எங்களுக்குள் குறைவு. ஆனால் அந்த "இல்லை" உண்மையில் எதைச் சொல்கிறது? நோய் இல்லை என்றா, அல்லது அந்தப் பட்டி தேடிய பொருள் அதன் கண்ணில் படவில்லை என்றா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை மலேரியாவின் அண்மைக்கால வரலாறு காட்டியிருக்கிறது.

மலேரியாவைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாக இருந்த வழி நுணுக்குக்காட்டிதான். விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நிறமூட்டி, ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். அதற்குப் பழகிய கண் வேண்டும், கருவி வேண்டும், நேரம் வேண்டும். ஆபிரிக்கக் கிராமம் ஒன்றின் சின்ன மருந்தகத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் பல இடங்களில் காய்ச்சல் என்று வந்தவருக்குப் பரிசோதனை இல்லாமலே மலேரியா மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

1988இல் இங்கிலாந்தில் ஒரே படியில் முடிகிற கர்ப்பப் பரிசோதனைக் குச்சி விற்பனைக்கு வந்தது. ஈரம் ஒரு பட்டியில் ஊர்ந்து போய்க் கோடு காட்டுகிற முறை அது. 1990களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கும் பட்டிகள் வந்துவிட்டன. 2010இல் உலக சுகாதார நிறுவனம் சந்தேகமான ஒவ்வொரு மலேரியாக் காய்ச்சலையும் பரிசோதித்த பிறகே மருந்து கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு பட்டியின் விடை வெறும் தகவலாக இருக்கவில்லை. ஒரு கோடு மட்டும் வந்தால் அந்தக் காய்ச்சல்காரருக்கு மலேரியா மருந்து இல்லை.

சரி, அந்தப் பட்டிக்குள் என்ன நடக்குது?

ஆபிரிக்காவில் அதிகம் உயிரைக் குடிக்கிற மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் பல்சிப்பாரம். அது செங்குழியத்துக்குள் இருக்கும்போது எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை நிறைய உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது. பல்சிப்பாரத்தைத் தேடுகிற பெரும்பாலான பட்டிகள் தேடுவது ஒட்டுண்ணியை அல்ல, இந்தப் புரதத்தைத்தான். அதைப் பிடிப்பவை பிறபொருளெதிரிகள். ஒரு பிறபொருளெதிரி தனக்குப் பொருந்துகிற வடிவத்தை மட்டுமே பிடிக்கும், மற்றதை விட்டுவிடும்.

விரலில் இருந்து எடுக்கிற 5 மைக்ரோலீற்றர் இரத்தத்தைப் பட்டியின் ஒரு முனையில் விட்டு, கூடவே தருகிற கரைசலில் சில துளிகள் விடுவார்கள். ஈரம் முதலில் போய்ச் சேருகிற திண்டில் காய்ந்த நிலையில் தங்கத் துணிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில பத்து நனோமீற்றர் அளவுதான். இவ்வளவு சின்னதாக உடைந்த தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். அந்தத் துணிக்கைகளின் மேல் எச்.ஆர்.பி.2ஐப் பிடிக்கிற பிறபொருளெதிரிகளை ஒட்டியிருப்பார்கள். இரத்தத்தில் அந்தப் புரதம் இருந்தால் தங்கம் பூண்ட பிறபொருளெதிரி அதைப் பிடித்துக்கொண்டு ஈரத்தோடு சேர்ந்து நகரும்.

அடுத்து வருவது நைத்திரோசெலுலோசுப் பட்டி. ஒற்றுத்தாளில் மை ஏறுவதுபோல ஈரம் இதில் ஏறும். நடுவில் ஓர் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத கோடாக, அதே புரதத்தைப் பிடிக்கிற இன்னொரு தொகுதிப் பிறபொருளெதிரிகள் அசையாமல் ஒட்டப்பட்டிருக்கும். நகர்ந்து வருகிற புரதத்தின் ஒரு பக்கத்தில் தங்கம் ஏற்கெனவே தொங்குகிறது. மறுபக்கத்தைக் கோட்டில் உள்ளது பிடிக்கிறது. புரதம் இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச்போல மாட்டிக்கொள்ளும். இப்படி இலட்சக்கணக்கில் தங்கத் துணிக்கைகள் ஒரே வரியில் சேர்ந்தால் சிவப்புக் கோடு தெரியும். 15, 20 நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

அதைத் தாண்டி இருப்பது கட்டுப்பாட்டுக் கோடு. அங்கே ஒட்டியிருப்பது புரதத்தைப் பிடிப்பது அல்ல. தங்கத்தோடு வருகிற பிறபொருளெதிரியையே பிடிப்பது. புரதம் இருந்தாலும் இல்லாட்டியும் அது சிவக்கும். ஈரம் ஒழுங்காக ஓடியது, தங்கம் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பட்டி வெயிலில் கிடந்து பரிசோதனைக் கோட்டில் உள்ள பிறபொருளெதிரிகள் கெட்டுப்போயிருந்தாலும் கட்டுப்பாட்டுக் கோடு நன்றாகவே வரலாம். "கோடு வந்தது, ஆகவே விடை சரி" எண்டு நினைக்கிற இடத்தில்தான் முதல் பிழை நடக்கும்.

இப்போது நோய் இருந்தும் கோடு வராத நிலைகளைப் பார்ப்போம். எளிதில் விளங்குவது, புரதம் போதாமை. நல்ல பட்டி ஒன்று ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 200 ஒட்டுண்ணிகள் அளவில் இருந்தால் பிடித்துவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். சின்ன எண்ணிக்கைபோலத் தெரியும். ஆனால் வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம், அதாவது 50 இலட்சம் மைக்ரோலீற்றர். 200ஆல் பெருக்கிப் பாருங்கள்: 100 கோடி ஒட்டுண்ணிகள். அதற்குக் கீழே கோடு மங்கலாம், வராமலும் போகலாம். பல்சிப்பாரம் சுமார் 48 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பெருகுவதால், காய்ச்சல் தொடங்கிய அன்று வராத கோடு இரண்டு நாளில் வரக்கூடும். காய்ச்சல் விடாவிட்டால் திரும்பப் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். புரதம் அளவுக்கு மிஞ்சி இருந்தால் தங்கத்தில் உள்ள எல்லா இடமும் நிரம்பிவிடும். மிச்சப் புரதம் தங்கம் இல்லாமலே நகர்ந்து, பரிசோதனைக் கோட்டில் உள்ள இடங்களையும் பிடித்துவிடும். பிறகு வருகிற தங்கத்துக்கு மாட்ட இடம் இல்லை. கடும் நோயாளி ஒருவருக்கே கோடு மங்கலாகவோ இல்லாமலோ போகிற விசித்திரம் இது. அரிதுதான், ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். இரத்தத்தைப் பத்து மடங்கு ஐதாக்கிப் புதுப் பட்டியில் விட்டால் கோடு தெளிவாக வரும்.

இவற்றில் எதிலும் அடங்காத ஒரு காரணம் அமேசன் காட்டுப்பக்கம் வெளிப்பட்டது. பேரு நாட்டின் இக்கிற்றோஸ் நகரை அண்டிய பகுதியில் சில நோயாளிகளின் இரத்தத்தில் நுணுக்குக்காட்டி பல்சிப்பாரத்தைத் தெளிவாகக் காட்டியது, எச்.ஆர்.பி.2 பட்டி ஒன்றும் காட்டவில்லை. ஒட்டுண்ணி நிறைய இருந்தது. அதன் வேறொரு புரதத்தைத் தேடுகிற பட்டிகள் அதே இரத்தத்தில் கோடு காட்டின. ஆகவே ஒட்டுண்ணி குறைவு என்பது காரணமாக இருக்க முடியாது. பி.சி.ஆர் செய்து பார்த்தபோது, எச்.ஆர்.பி.2ஐ ஆக்கும் பரம்பரையலகே அந்த ஒட்டுண்ணிகளில் இருக்கவில்லை. 2003 முதல் 2007 வரை அப்பகுதியில் சேகரித்த 148 மாதிரிகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: 61இல் அது இல்லை. நூற்றுக்கு 41.

அந்தப் பரம்பரையலகு இருப்பது நிறமூர்த்தத்தின் முனைப் பக்கத்தில். அந்த இடம் அடிக்கடி உடைந்து அறுபடுகிற இடம். அது போனாலும் ஒட்டுண்ணி சாகாது, பெருகும், நோயும் தரும். பட்டி தேடுகிற அடையாளம் மட்டும் அதனிடம் இல்லை. பட்டியில் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும், எத்தனை தரம் திரும்பச் செய்தாலும் விடை மாறாது.

பேருவில் பெரும்பாலும் நுணுக்குக்காட்டியையே நம்பியிருந்தார்கள். அதனால் சேதம் மட்டுப்பட்டது. பட்டியையே நம்பியிருக்கிற நாட்டில் இது நடந்தால்? எரித்திரியா அந்தக் கேள்விக்குப் பதிலானது. 2016இல் செங்கடல் பக்கத்து இரண்டு வைத்தியசாலைகளில் மலேரியா நோயாளிகள் 50 பேரின் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். கிந்தாவில் 26 பேரில் 21 பேருக்கும், மசாவாவில் 24 பேரில் 10 பேருக்கும் வந்திருந்தது எச்.ஆர்.பி.2 இல்லாத பல்சிப்பாரம். கிந்தா வைத்தியசாலைக்கு மலேரியாவோடு வந்த ஐந்து பேரில் நான்கு பேரை அந்தப் பட்டி தவறவிடக்கூடிய நிலை. எரித்திரியா அதே ஆண்டு எச்.ஆர்.பி.2ஐ மட்டும் தேடுகிற பட்டிகளைக் கைவிட்டு, வேறு புரதத்தைத் தேடும் பட்டிகளுக்கு மாறியது.

இங்கே யோசிக்க ஒரு விஷயம் இருக்கு. பட்டி காட்டிக்கொடுக்கிற ஒட்டுண்ணி மருந்தால் அழிகிறது. பட்டிக்குத் தெரியாத ஒட்டுண்ணி மருந்து படாமல் இரத்தத்தில் தங்கி, நுளம்பு குடித்து, அடுத்த ஆளுக்குப் போகிறது. காலப்போக்கில் எது பெருகும் என்று சொல்லத் தேவையில்லை. எரித்திரியா, சூடான், தென் சூடான் எல்லைகளை அண்டிய எத்தியோப்பியப் பகுதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வு, இந்தக் குறைபாட்டால் மட்டும் பல்சிப்பார நோயாளிகளில் நூற்றுக்கு 9.7 பேரைப் பட்டி தவறவிடும் என்று கணித்தது. அந்த ஒட்டுண்ணிகளின் மரபணுவில் இத்தகைய தேர்வு அண்மையில் நடந்ததற்கான தடயமும் இருந்தது. இந்த வீதம் 5ஐத் தாண்டினால் பட்டியை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. மாற்றுவதும் இலகுவல்ல. மற்றப் புரதங்களைத் தேடும் பட்டிகள், ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போது எச்.ஆர்.பி.2 பட்டியின் அளவுக்குக் கூர்மையாக இருப்பதில்லை.

எரித்திரியா பட்டியை மாற்றிய அதே 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. அந்தச் சான்றிதழுக்கு முன் இங்கே கடைசியாக உள்ளூரில் தொற்றிய நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். ஆனால் மலேரியாவைப் பரப்பக்கூடிய நுளம்பு எங்கட நாட்டை விட்டுப் போகவில்லை, வெளிநாட்டில் தொற்றி வருகிறவர்களும் நிற்கவில்லை. எரித்திரியாவிலோ எத்தியோப்பியாவிலோ இருந்து வந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, பட்டியில் ஒரு கோடு மட்டும் விழுந்தால், அது போதாது. எந்த நாட்டில் இருந்து, எப்போது வந்தார் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரத்தத்தை நுணுக்குக்காட்டியிலும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒட்டுண்ணி தன் புரதத்தை இழந்திருக்கலாம், ஆனால் நிறமூட்டிய செங்குழியத்துக்குள் அதன் உருவம் அப்படியேதான் இருக்கும்.