வங்கிச் சரிக்கட்டலில் தொகைப் பொருத்தம்

வங்கி அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் நிறுவனத்தின் பேரேட்டில் உரிய பதிவைக் கண்டு இணைப்பது வங்கிச் சரிக்கட்டலின் அடிப்படை வேலை. தொகை, தேதி, குறிப்பெண் மூன்றும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. தொகை மட்டும் ஒத்து மற்ற இரண்டும் மாறுபடும்போது, பழக்கத்தால் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன: தேதியில் மிக நெருங்கிய பதிவோடு இணைப்பது, அல்லது நிலுவையில் பழையதை முதலில் கழிப்பது. இரண்டுமே ஊகம்தான். ஒரே தொகை பல பதிவுகளில் வரும் இடத்தில் இந்த ஊகம் தவறினாலும் கணக்கின் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. தவறாக இணைத்தாலும் சரியாக இணைத்தாலும் மிஞ்சும் தொகை ஒன்றே என்பதால், வித்தியாசம் இல்லை என்ற முடிவை இணைப்பு சரி என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

கணினிகளைப் பராமரித்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ரூ.12,500, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.14,750. எல்லா வாடிக்கையாளருக்கும் கட்டணம் ஒன்றே என்பதால் இந்தத் தொகை பேரேட்டில் திரும்பத் திரும்ப வரும். மார்ச் 28 அன்று ஒரு பள்ளி தந்த காசோலை வரவு வைக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று ஒரு மருந்துக்கடையின் என்இஎஃப்டி. ஏப்ரல் 2 அன்று ஓர் அச்சகத்தின் யுபிஐ. மூன்றும் ரூ.14,750. வங்கி அறிக்கையிலோ இரண்டே வரவுகள்: மார்ச் 29 அன்று ஒன்று, ஏப்ரல் 1 அன்று ஒன்று. தேதி நெருக்கத்தைப் பார்ப்பவர் மார்ச் 29 வரவைப் பள்ளியின் காசோலையோடு இணைப்பார். ஏப்ரல் 1 வரவுக்கு அதே தேதியில் மருந்துக்கடையின் பதிவு இருப்பதால் அங்கே ஐயமே எழாது. பழையதை முதலில் கழிப்பவரும் இதே முடிவுக்குத்தான் வருவார். அச்சகத்தின் பதிவு மட்டும் வங்கிக்கு வராததாக நிற்கும்.

வங்கி வரிகளின் விவரத்தைப் படித்தால் கதை வேறு. மார்ச் 29 வரவு என்இஎஃப்டி வழியாக, மருந்துக்கடை உரிமையாளரின் பெயரில் வந்திருக்கிறது. கணக்கருக்குத் தகவல் தாமதமாகக் கிடைத்ததால் ஏப்ரல் 1 தேதியிட்டு எழுதியிருக்கிறார். ஏப்ரல் 1 வரவு யுபிஐ, அது அச்சகத்தினுடையது. பள்ளியின் காசோலை வங்கிக்கே போகவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. தவறான இணைப்பின்படி மார்ச் 31 அன்று ஏட்டு இருப்பும் வங்கி இருப்பும் அப்படியே ஒத்துப்போகும், விளக்க வேண்டியது எதுவும் இராது. உண்மையில் அங்கே இரண்டு நிலுவைகள் இருக்கின்றன. ஏட்டில் எழுதி வங்கியில் ஏறாத காசோலை ஒன்று, வங்கியில் ஏறி ஏட்டில் எழுதாத வரவு ஒன்று. இரண்டும் ஒரே தொகை, எதிரெதிர்த் திசை, ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. ஆண்டிறுதிக் கடனாளிகள் பட்டியலில் பணம் கட்டிவிட்ட மருந்துக்கடை பாக்கிக்காரராக நிற்கும்.

இணைக்கப்பட்டது எது என்பதைவிட, இணைப்பு நடந்திருக்க முடியுமா என்ற கேள்விதான் முதலில் எழ வேண்டும். இதற்குப் பணம் வந்த வழி உதவுகிறது. காசோலை எழுதியவருடைய ஏட்டில், வங்கித் தேதி பொதுவாகப் பதிவுத் தேதிக்குப் பின்னரே வரும். இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு அதன் தேதியிலிருந்து மூன்று மாதமே ஆயுள் என்பதால் அந்த இடைவெளிக்கும் ஓர் எல்லை உண்டு. என்இஎஃப்டி 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் அரைமணித் தொகுதிகளாக நடக்கிறது. ஆகவே அதில் நான்கைந்து நாள் வேறுபாடு தெரிந்தால், பணம் வழியில் தங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஒன்று, ஏட்டுத் தேதி தவறு; இல்லையேல், அது வேறொரு பரிமாற்றம். நேரடியாகக் கணக்கில் ஏறும் வரவுகளில் வங்கித் தேதி ஏட்டுத் தேதிக்கு முந்தியிருப்பதும் இயல்பே. தேதிகளின் நெருக்கத்தைக் காட்டிலும், அந்த வழியில் அந்த இடைவெளி ஏற்படக்கூடியதா என்பதுதான் எடைபோட வேண்டியது.

குறிப்பெண்ணிலும் இதேபோல ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் இருப்பது நிறுவனத்தின் ரசீது எண் அல்லது பில் எண். வங்கியில் இருப்பது என்இஎஃப்டிக்கான 16 எழுத்தெண் குறியீடு, யுபிஐக்கான 12 இலக்க எண் போன்றவை. இவை ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. மாறுபடுவதால் இணைப்பு பொய்யாகவும் ஆகிவிடாது. ஆனால் இரு பக்கமும் காசோலை எண்ணையே காட்டி, அவை மாறுபட்டால் அது முரண். அப்போதும் உடனே தள்ளிவிடக் கூடாது: 004512 என்பது விரிதாளில் முன்னுள்ள சுழியங்களை இழந்து 4512 ஆகியிருக்கலாம், கையால் எழுதியதில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். காசோலையின் அடிப்பகுதியில் காந்த மையில் அச்சிட்ட எண்ணை இயந்திரம் படிப்பதால், இத்தகைய பிழை பெரும்பாலும் ஏட்டுப் பக்கத்தில்தான் இருக்கும்.

பணத்துக்குப் பெயர் இல்லை, மொத்தம் சரியாக இருந்தால் போதாதா என்று ஒரு மறுப்பு உண்டு. வங்கி இருப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் சரிக்கட்டலுக்குப் பின் மனிதர்கள் செயல்படுவது நிலுவைப் பட்டியலை வைத்து. மேற்சொன்ன நிறுவனம் பணம் கட்டிவிட்ட அச்சகத்துக்குத் தொலைபேசியில் நினைவூட்டும். பள்ளியின் காசோலையைத் தேட யாருக்கும் காரணம் இராது. அது மார்ச் 27 தேதியிட்டதாக இருந்தால் ஜூன் இறுதிக்குள் செல்லாததாகிவிடும். ரூ.14,750 கணக்கில் தொலையவில்லை, கையில்தான் தொலைகிறது.

ஆயிரக்கணக்கான வரிகளில் ஒவ்வொன்றையும் இப்படித் துருவ முடியுமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. முடியாது, தேவையும் இல்லை. ரூ.14,763.40 போன்ற தொகை, அந்தக் காலப்பகுதியில் இரு பக்கமும் ஒரே ஒருமுறை வந்து, வழியும் திசையும் பொருந்தினால், தேதி மாறுபட்டாலும் இணைத்துவிடலாம். அங்கே தொகையே அடையாளமாகிறது. வாடகை, தவணை, நிலையான கட்டணம், முழு எண் முன்பணம் ஆகியவையே ஆபத்தானவை. ஆகவே முதல் வேலை, திரும்ப வரும் தொகைகளைத் தனியே பிரித்தெடுப்பது. அவற்றை ஒவ்வொன்றாக இணைக்காமல், ஒரே தொகையுள்ள எல்லா வரிகளையும் பதிவுகளையும் ஒரு குழுவாக வைத்து, அனுப்பியவர் பெயர், வழி, செலுத்துச் சீட்டின் அடிக்கட்டை ஆகியவற்றால் பிரித்தறிய வேண்டும். வங்கியில் பற்று, அதே தொகைக்கு வரவு, மீண்டும் பற்று என்று வந்தால், திரும்பிவந்து மறுபடி அனுப்பிய ஒரே செலுத்தலா என்பதும் குழுவாகப் பார்த்தால்தான் புலப்படும்.

ஒரே வாடிக்கையாளர் ஒரே தொகையை ஒரே வழியில் மாதந்தோறும் அனுப்பினால் மட்டும் பழையதை முதலில் கழிப்பது நியாயம். அங்கேயும் அந்தப் பணம் எந்த பில்லுக்கு என்பது வேறு கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவுகள் 59 முதல் 61 வரை அதற்கு வரிசை வகுத்திருக்கின்றன: கடனாளி சொன்னபடி, அவர் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் விருப்பப்படி, இருவரும் முடிவு செய்யாவிட்டால் கால வரிசைப்படி. கடைசியாக வைக்கப்பட்ட வழியைக் கணக்கர் முதலில் எடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இத்தனைக்குப் பின்னும் பிரித்தறிய முடியாத வரிகள் மிஞ்சினால் அவற்றை இணைக்காமல், காரணத்தை எழுதி நிலுவையிலேயே வைக்க வேண்டும். பொருந்த வைப்பதற்காக ஏட்டுத் தேதியைத் திருத்துவது எக்காரணத்தாலும் கூடாது. வங்கித் தேதியைத் தனியே குறித்தால் போதும். ஆண்டிறுதியில் வங்கி தரும் இருப்புச் சான்று மொத்தத்தை உறுதிப்படுத்தும். எந்த வரவு எந்தப் பதிவுக்கு உரியது என்பதை அது சொல்லாது.