பனித்துளி

பனித்துளி என்பது காற்றில் கலந்திருக்கும் நீராவி, இரவில் குளிர்ந்துபோன புல், இலை, கல் போன்றவற்றைத் தொட்டு நீராகிப் படிவது. ஒரே தோட்டத்தில் ஒரு நாள் காலை புல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். மறுநாள் காய்ந்து கிடக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடியவர்களின் முயற்சியிலிருந்தே பனியைப் பற்றிய அறிவியல் வளர்ந்தது.

வானிலிருந்தா, மண்ணிலிருந்தா?

பகலில் மேலெழுந்த நீராவி அதிக உயரம் போக முடியாமல் இரவில் குளிர்ந்து இறங்குவதே பனி என்றார் அரிஸ்டாட்டில். காற்று அசையாத, வானம் தெளிந்த இரவுகளில்தான் பனி விழுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். பனி மேலிருந்து விழுகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 1730களில் பாரிஸில் டு ஃபே என்பவர் ஓர் ஏணியின் படிகளில் வெவ்வேறு உயரத்தில் கண்ணாடிப் பலகைகளை வைத்துப் பார்த்தார். கீழே இருந்தவை முதலில் நனைந்தன. பனி மண்ணிலிருந்து எழுகிறது என்ற கட்சிக்கு இது வலுச் சேர்த்தது.

வெல்ஸின் கம்பளிப் பஞ்சு

வழக்கைத் தீர்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். அமெரிக்காவின் சார்லஸ்டனில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்தவர். சர்ரே பகுதியில் ஒரு தோட்டத்தில், எடை போட்ட கம்பளிப் பஞ்சை இரவில் வெளியே வைத்து, காலையில் மீண்டும் எடை போட்டார். கூடிய எடைதான் படிந்த பனியின் அளவு.

ஓர் இரவில் இரண்டரை அடி உயரமுள்ள, இரு முனையும் திறந்த சுட்ட மண் குழாயைப் புல்மேல் நிறுத்தி, அதற்குள் 10 கிரெய்ன் பஞ்சை வைத்தார். ஏறத்தாழ 0.65 கிராம். அதே அளவு பஞ்சைத் திறந்த புல்லிலும் வைத்தார். வெளியே இருந்த பஞ்சு 16 கிரெய்ன் நீரை ஏற்றது. குழாய்க்குள் இருந்தது 2 கிரெய்ன் மட்டுமே. காற்றில்லாத இரவில் பனி மழைபோல் நேராக விழுந்திருந்தால், இரண்டும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். குழாய்க்குள் இருந்த பஞ்சுக்குக் கிடைக்காதது பரந்த வானம்தான்.

முதலில் வெல்ஸ், பனி படிவதால்தான் புல் குளிர்கிறது என்று நம்பியிருந்தார். ஆனால் பனியே படியாத வறண்ட மாலைகளிலும் புல்லின் மேல் வைத்த வெப்பமானி, நான்கடி மேலே இருந்த காற்றைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டியது. குளிர்ச்சி முந்தியது, பனி பிந்தியது என்ற முடிவுக்கு வந்தார். தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழக்கிறது. மெல்லிய இதழ்களுக்கு இடையே காற்று அடைபட்டிருப்பதால், மண்ணின் வெப்பம் விரைந்து ஏறி அந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை. 1814இல் அவர் வெளியிட்ட ‘பனி பற்றிய கட்டுரை’க்கு ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது.

சில நாள் மிகுதி, சில நாள் இல்லை

காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீராகத் தொடங்குமோ, அது பனிநிலை. புல்லின் வெப்பம் அதற்குக் கீழே போனால்தான் பனி படியும்.

ஓர் இரவில் காற்று 24 பாகை செல்சியஸ், புல் அதைவிட 5 பாகை குறைந்து 19 பாகை என்று கொள்வோம். காற்றின் ஈரப்பதம் 83 விழுக்காடாக இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 21 பாகை, புல் நனையும். ஈரப்பதம் 47 விழுக்காடுதான் என்றால் பனிநிலை 12 பாகைக்கு இறங்கிவிடும். அதே அளவு குளிர்ந்த புல் காய்ந்தே இருக்கும்.

மேகம் மூடினால் அது கீழ்நோக்கி வெப்பத்தை வீசும்; புல் போதிய அளவு குளிராது. மரத்தடிப் புல் நனையாததற்கும் கிளைகளின் இந்த மறைப்பே காரணம். பலத்த காற்று வெதுவெதுப்பான காற்றைப் புல்மேல் ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கும். இலேசான அசைவோ புதிய ஈரத்தைத் தந்து பனியைக் கூட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் மண்ணில் ஈரமும், நீண்ட இரவும், தெளிந்த வானமும் ஒன்றுசேர்வதால் தமிழகத்தில் பனி மிகுகிறது.

இவ்வளவு இருந்தும் படியும் நீர் கொஞ்சம்தான். நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் புல்லின் குளிர்ச்சியைத் தடுப்பதால், கொள்கையளவில்கூட ஓர் இரவுக்கு 0.8 மில்லிமீட்டர் அளவே உச்சம்.

பனி அல்லாத துளிகள்

புல்லில் தெரியும் துளியெல்லாம் பனியல்ல என்று 1880களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் காட்டினார். ஈர மண்ணில் வேர் உறிஞ்சிய நீரைச் செடி இலை நுனி வழியே வெளியேற்றுவதும் உண்டு. நுனியிலும் ஓரத்திலும் மட்டும் பெரிய துளிகள் நின்றால் அவை செடியின் நீர். இலைப் பரப்பு முழுவதும் நுண்துளிகள் படர்ந்து, அருகில் நிறுத்திய வண்டியின் கூரையும் நனைந்திருந்தால் அது பனி.