ஒரு மேற்கட்டிக் கட்டிலின் காலநிர்ணயம்

நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பழைய வீட்டில் உள்ள சித்திரவேலைக் கட்டிலைப் பற்றி முன்னர் எழுதிய அறிஞர் ஒருவர், அது தொடக்கத்திலிருந்தே நான்கு தூண்களும் மேற்கட்டியும் உடையதாகச் செய்யப்பட்டது என்றும், ஒல்லாந்தர் அந்நகரை ஆண்ட 1658க்கும் 1781க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய மஞ்சங்களைப் பார்த்து நம் தச்சர் இயற்றியது என்றும், அதன் கால்களில் காணப்படும் ‘அ’, ‘க’ என்னும் இரண்டு எழுத்துக்கள் அதைச் செய்வித்த செல்வரின் பெயர் முதலெழுத்துக்கள் என்றும் முடிவு கட்டினார். மூன்றாவதாக ஒரு காலில் உள்ள ‘உ’ என்ற குறி அவருக்குப் பிள்ளையார் சுழியாகத் தோன்றியது. சட்டங்களில் வரிசையாக உள்ள துளைகளைத் திரைச்சீலை கட்டுவதற்கானவை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். பின் வந்தவர்கள் இந்த அபிப்பிராயத்தை அப்படியே வழிமொழிந்து வருவதால், அதைச் சற்று விரிவாகவே பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துக்களை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டில் பூட்டிய நிலையில் இருந்தபோது அவர் பார்த்தார். பழுது பார்ப்பதற்காக அது கழற்றப்பட்டபோது பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வேறுபாடு முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. நான்கு கால்களிலும், சட்டத்தின் கழுந்து நுழையும் ஒவ்வொரு பொருத்துத் துளைக்கும் கீழே உளியால் கீறிய குறி ஒன்று உண்டு. தலைமாட்டின் வலக்காலில் நெடுஞ்சட்டம் சேருமிடத்தில் ௧. அந்தச் சட்டத்தின் மறுமுனை சேரும் கால்மாட்டு வலக்காலில் ௨. அதே காலில் குறுக்குச் சட்டத்துக்குரிய துளையின் கீழ் ௩. இவ்வாறு கட்டிலைச் சுற்றிவந்தால், தலைமாட்டுக் குறுக்குச் சட்டம் மீண்டும் முதற்காலில் வந்து சேரும் இடத்தில் ௮. நான்கு கால், காலுக்கு இரண்டு பொருத்து, ஆக எட்டுப் பொருத்துக்கள்; எட்டுக் குறிகள். முதற்காலில் தொடக்கமும் முடிவும் சந்திப்பதால் அங்கே ஒன்றும் எட்டும் அருகருகே நிற்கின்றன. நம் பழைய எண்களில் ஒன்று ககரத்தையும் எட்டு அகரத்தையும் ஒத்த வடிவம் உடையவை ஆதலின், ஒரு செல்வரின் பெயர் அங்கே உற்பத்தியாகிவிட்டது. மற்றக் குறிகளில் சில பிற்காலத்து இரும்புப் பட்டைக்கும், சில பலகை தாங்கும் ரீப்பருக்கும் பின்னே மறைந்து கிடந்தமையால், அவர் கண்ணில் மூன்றே பட்டன.

பொருத்துக்கு எண்ணிடுவது தச்சருக்கு அலங்காரமன்று, அவசியம். கையால் வெட்டிய கழுந்து ஒவ்வொன்றும் தன் துளைக்கு மட்டுமே இறுக்கமாகப் பொருந்தும். கட்டிலோ நிலைவாயிலுக்குள் நுழையவேண்டி அடிக்கடி கழற்றப்படுவது. காலில் உள்ள எண்ணே சட்டத்தின் முனையிலும் இருந்தால்தான் மீண்டும் பூட்டமுடியும். இந்தக் கட்டிலின் இரண்டு நெடுஞ்சட்டங்களிலும் தலைமாட்டுச் சட்டத்திலும் அவ்வாறே இருக்கிறது. இதைவிடப் பிரத்தியட்சமான பிரமாணம் வேண்டுவதில்லை. தவிர, கால்மாட்டில், அதுவும் காலின் உட்புறத்தில், பிள்ளையார் சுழி போடத் துணியும் தச்சரை நான் கேள்விப்பட்டதில்லை.

இனித் துளைகள். திரைச்சீலைக்கு அரையங்குலத் துளை எதற்கு என்ற கேள்வியை விட்டுவிட்டாலும், தேய்மானம் வேறு கதை சொல்கிறது. வலப்பக்கத்து நெடுஞ்சட்டத்தின் வெளிமுகத்தில் முதல் துளைக்கும் இரண்டாம் துளைக்கும் இடையே கயிறு அழுந்திய ஆழமற்ற பள்ளம் உண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மீண்டும் உண்டு. எதிர்ச் சட்டத்தில் இந்த முறை ஒரு துளை தள்ளி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே தொடங்குகிறது. ஒரே கயிறு முதல் துளையால் வெளியே வந்து, இரண்டாம் துளையால் உள்ளே புகுந்து, குறுக்கே ஓடி எதிர்ச் சட்டத்தின் இரண்டாம் துளையால் வெளிப்பட்டு, மூன்றாம் துளையால் திரும்பியிருந்தாலன்றி இந்த ஒழுங்கு வாராது. துளைகளின் உள்வாய் விளிம்பும், படுத்தவரின் பாரம் கயிற்றைக் கீழே இழுத்தபடியால், அடிப்பக்கத்தில் மட்டும் மழுங்கியிருக்கிறது. ஆகவே இது கயிறு பின்னிய கட்டிலாகவே பிறந்தது. இன்று மேலே கிடக்கும் பலகைகளும், அவற்றைத் தாங்கச் சட்டத்தின் உட்புறத்தில் ஆணி அடித்த ரீப்பர்களும் பின்னால் வந்தவை. அந்த ரீப்பர்கள் கயிற்றுத் துளைகளில் பாதியை மூடிக்கொண்டிருப்பதே இதற்குச் சாட்சி.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது கால்மாட்டுக் குறுக்குச் சட்டம். மற்ற மூன்று சட்டங்களிலும் சித்திரக்காரர் கொடியைச் செதுக்கும்போதே துளைகளுக்கு இடம் விட்டு இலைகளை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார். இதில் மட்டும் துளைகள் இலைகளையும் பூக்களையும் ஊடறுத்துச் செல்கின்றன. இதன் இரண்டு முனைகளிலும் ௩, ௪ என்ற எண்கள் இருக்கவேண்டும். ஆனால் ஒரு முனையில் ௭ இருக்கிறது, மறுமுனையில் எண்ணே இல்லை. அந்த மறுமுனையின் கழுந்து புதிதாக வெட்டப்பட்டது. கொடியின் கடைசிப் பூ பாதியில் அறுபட்டு நிற்கிறது. வேறொரு கட்டிலின், இதைவிட அகலமான ஒன்றின், தலைமாட்டுச் சட்டத்தை ஒரு பக்கம் குறைத்து இங்கே பூட்டியிருக்கிறார்கள் என்பதே பொருத்தமான அனுமானம். இறுக்கமின்மையால் அதற்கு இரும்புப் பட்டை தேவைப்பட்டதும் இயல்பே. இதன் துளைகளிலும் கயிற்றுத் தேய்மானம் உண்டு. ஆனால் மற்றவற்றைவிட மிகக் குறைவு. எனவே சட்டம் மாற்றப்பட்டபோது கட்டில் இன்னும் கயிற்றுக் கட்டிலாகவே இருந்தது, அதன்பின் நெடுங்காலம் அவ்வாறு இருக்கவில்லை என்று கொள்ளலாம்.

தூண்களைப் பற்றிய விவாதத்தில் ஆதாரம் மெலிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் முன்னவர் கூற்றுக்கு இடமில்லை என்றே வற்புறுத்துவேன். கால்கள் பலாமரம், தூண்கள் தேக்கு. இது மட்டும் ஒன்றையும் நிறுவாது. ஒரே கட்டிலில் இரு மரம் கலப்பது அபூர்வமன்று. ஆனால் தூணைக் காலிலிருந்து கழற்றியபோது, காலின் உச்சி ரம்பத்தால் மட்டமாக அறுக்கப்பட்டிருப்பதும், அறுத்த தளத்தைச் சுற்றித் தாமரை இதழ்களின் அடிப்பகுதி மட்டும் எஞ்சியிருப்பதும் தெரிந்தன. அங்கே முன்பு ஒரு மொட்டு இருந்தது. அதை வெட்டிவிட்டுத் தூணை நட்டிருக்கிறார்கள். தூணின் கழுந்துக்காக இட்ட வட்டத் துளையின் அடியில், நடுவே திருகுமுனை பதிந்த சிறு வடு இருக்கிறது. பழைய கரண்டி வாய்த் துரப்பணம் அப்படி வடு விடாது. மேற்கட்டிச் சட்டத்தைப் பிணைத்த திருகாணிகளோ கூர்முனை உடையவை. இயந்திரத்தில் செய்த கூர்முனைத் திருகாணி அமெரிக்காவில் 1840களின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது; இங்கிலாந்தின் நெட்டில்போல்டு ஆலை அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது 1854ஐ ஒட்டி. திருகாணியை எவரும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருந்தால், மழுங்கல் முனையுடைய பழைய ஆணியின் அகன்ற துளை அருகிலோ அடியிலோ தென்படவேண்டும். நான் பார்த்த இடங்களில் தென்படவில்லை. ஆதலால் தூண்கள் ஒல்லாந்தர் காலத்தவை அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முன்னே அவற்றைக் கொண்டுபோக வழியில்லை.

அடிக்கட்டிலின் வயது வேறு விஷயம். எண்களின் வடிவம் காலம் காட்டாது. நூற்றாண்டுக் கணக்கில் தச்சர் அவற்றை ஒரே விதமாகவே கீறி வந்திருக்கிறார்கள். கொடிவேலையைக் கோயில் தேர்ச் சிற்பங்களோடு ஒப்பிட்டுக் காலம் சொல்லும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வேலையும் பழையதைப் பார்த்தே புதியது செய்யப்படுவது. அந்த அடிக்கட்டில் ஒல்லாந்தர் காலத்ததாகவே இருந்துவிடவும் கூடும். அவ்வளவில் முன்னவரின் தேதி தப்பிப் பிழைக்கும், ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அன்று.

தூண் முதலில் வந்ததா, பலகை முதலில் வந்ததா என்பதும் தீரவில்லை. கயிற்றுக் கட்டிலின் மேலும் கொசுவலை கட்டலாம்; பலகைகளின் மூலைகளோ, கால்களைச் சுற்றி வெட்டப்பட்டிருப்பதால், எவ்வகையிலும் ஒன்றுபோலவே இருக்கும். ரீப்பர்களை அடித்த ஆணிகளைப் பிடுங்கிப் பார்க்க வீட்டார் இசைந்தால் ஏதேனும் தெரியலாம். ஏழாம் எண் தாங்கிய அந்தச் சட்டத்தின் மூலக் கட்டிலை அதே ஊரில் விசாரித்தேன், அகப்படவில்லை.